ஆளு சரியில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஏழு ராத்திரியை எண்ணிப் பாருங்க

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கோயில்ல தொண்டூழியம் செய்யறவங்களுக்குத் தெரியும், அன்னதானப் பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டே ஊர்க்கதை எல்லாம் காதுல விழும். சமீப காலமா அதிகம் விழறது ஒரே கதைதான். "அம்மாவுக்கு வச்ச பணிப்பெண் போயிட்டா. இது மூணாவது ஆளு. யாருமே சரியில்ல." கேக்கறவங்களும் தலையாட்டிட்டு ஏஜெண்டைத் திட்டறாங்க.

என் கருத்து வேற. இந்த வீடுகள்ல பெரும்பாலும் ஆளு மோசமில்ல. வேலையில பாதியை அவகிட்ட யாரும் சொல்லவே இல்ல. அந்தப் பாதி ராத்திரியில நடக்கிற வேலை.

ஈசூன் பக்கம் இருக்கிற ஒரு அக்கா குடும்பத்தோட கதையைச் சொல்றேன். பேர் வேண்டாம்னாங்க, கதையை எழுதச் சொன்னதே அவங்கதான். அவங்க அம்மாவுக்கு 84 வயசு. குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு அறுவை சிகிச்சை ஆச்சு. மருத்துவமனையில வீட்டுக்கு அனுப்பற தேதி சொன்னதும் குடும்பத்துக்குப் பதற்றம். அவசர அவசரமா ஆள் எடுத்தாங்க. முதல் பெண் ஐந்து வாரம் இருந்தா, ரெண்டாவது பெண் ரெண்டு மாசம். ரெண்டு பேரும் போகும்போது சொன்னது ஒன்னுதான்: "தூக்கம் இல்ல மேம்."

அக்காவுக்கு அது சாக்குப்போக்காத்தான் தெரிஞ்சது. "பகல்ல அம்மா தூங்கறப்ப இவளும் தூங்கலாமே"ன்னாங்க. பகல்ல அம்மா தூங்கறப்ப அந்தப் பெண் என்ன செஞ்சிக்கிட்டிருந்தா? அஞ்சு பேருக்குச் சமையல், துணி, இஸ்திரி, தரை. எல்லாம் அவதான்.

மூணாவது ஆள் வர்றதுக்குள்ள வீட்டாளுங்களே முறை போட்டு அம்மா கூடப் படுத்தாங்க. அப்பத்தான் பேரன் ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சான். பாட்டி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க, எதுக்கு, திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆச்சு. ஏழு ராத்திரியில மொத்தம் 30 தடவை. அதாவது ஒரு ராத்திரிக்கு நாலு தடவைக்கு மேல. ஒவ்வொரு தடவையும் எழுப்பி உட்கார வச்சு, கமோட் நாற்காலியில வச்சு, துடைச்சு, திரும்பப் படுக்க வைக்க 20 நிமிஷம். இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும், யாராலயும் சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்க முடியல. ஒரே வாரத்துல மருமகன் வேலைக்கு லீவு போட்டுட்டார். அந்தப் பெண்கள் இதையே மாசக்கணக்குல செஞ்சாங்க.

நோட்டுல இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. முப்பதுல பெரும்பாலானது சிறுநீருக்கு. அந்த நோட்டை மருத்துவர்கிட்ட காட்டினாங்க. பாட்டிக்குக் கால்வீக்கத்துக்காகக் கொடுத்திருந்த நீர் பிரியற மாத்திரையை இவங்க சாயங்காலம் கொடுத்துக்கிட்டிருந்திருக்காங்க. மருத்துவர் அதைக் காலைக்கு மாத்திட்டார். ராத்திரி கூப்பிடறது ரெண்டு, மூணு தடவையாக் குறைஞ்சது. (எல்லா வீட்டுலயும் இப்படி ஆகும்னு நினைச்சு நீங்களா மாத்திரை நேரத்தை மாத்தாதீங்க. மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்க.)

அதனாலதான் சொல்றேன், ஏஜெண்டுக்குப் போன் போடறதுக்கு முன்னாடி ஏழு ராத்திரியை எழுதுங்க. பகலையும் எழுதுங்க: எத்தனை தடவை தூக்கணும், யார் ஊட்டணும், எடை எவ்வளவு. இந்தப் பாட்டி 62 கிலோ. முதல்ல வந்த பெண் 45 கிலோ கூட இருக்கமாட்டா. இது தெரிஞ்சா நேர்காணலே மாறிடும்.

நேர்காணல்னு சொன்னா, நாம எல்லாரும் கேக்கற கேள்வி "வயசானவங்களைப் பாத்துக்குவியா?" அதுக்கு "யெஸ் மேம்" தவிர வேற பதில் வராது. கடன் வாங்கி, ஊரை விட்டு வர்ற பெண் வேற என்ன சொல்வா? ஏஜெண்டு தர்ற தாள்ல முதியோர் பராமரிப்பு அனுபவம்ன்னு டிக் இருக்கும். அது ஊர்ல சொந்தப் பாட்டிக்குக் கஞ்சி ஊத்தினதாகவும் இருக்கலாம், இங்க படுத்த படுக்கையா இருந்தவரை நாலு வருஷம் பாத்ததாகவும் இருக்கலாம். வீடியோ கால்ல கதை கேளுங்க. கடைசியா யாரைப் பாத்துக்கிட்டே? அவங்களால நிக்க முடிஞ்சுதா? கட்டில்ல இருந்து நாற்காலிக்கு எப்படி மாத்துவே, செஞ்சு காட்டு. நெஜமா செஞ்சவ முதல்ல சக்கர நாற்காலியோட பிரேக்கைப் போடுவா, நாற்காலியை நல்ல கால் இருக்கிற பக்கம் வைப்பா, பாதம் தரையில பதிஞ்சிருக்கான்னு பார்ப்பா, முன்னால சாய வச்சு எழுப்புவா. அக்குளுக்குக் கீழ கையைக் கொடுத்து இழுத்துக் காட்டினா அவளுக்கு யாரும் சொல்லித்தரலன்னு அர்த்தம். அப்படி இழுத்தா பாட்டிக்குத் தோள்பட்டை போகும், அவளுக்கு முதுகு போகும். அதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லணும்னு இல்ல, பயிற்சி கொடுக்கணும். வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மருத்துவமனையிலேயே தாதியரும் உடற்பயிற்சி சிகிச்சையாளரும் பராமரிக்கப்போறவங்களுக்குச் சொல்லித்தருவாங்க, கேட்டு வாங்குங்க. பணிப்பெண்ணை வகுப்புக்கு அனுப்ப அரசாங்கத்தோட பராமரிப்பாளர் பயிற்சி மானியம் இருக்கு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புல விசாரிக்கலாம்.

ஏற்கெனவே சிங்கப்பூர்ல வேலை செஞ்சவர்னா, எந்தக் காலத்துல எத்தனை வீட்டுல இருந்தாங்கன்னு மனிதவள அமைச்சோட இணையச் சேவையில பார்க்கலாம். நாலு வீட்டுல மூணு மூணு மாசம்னு இருந்தா உடனே ஒதுக்கிடாதீங்க. ஏன்னு கேளுங்க. அங்கயும் ராத்திரிக் கதையா இருக்கலாம்.

மொழி. "தமிழ் பேசற ஆளுதான் வேணும்"னு நம்மாளுங்க மாசக்கணக்குல காத்திருக்காங்க. ஆனா நம்ம பழைய காலத்துப் பாட்டிமாருங்க பாதிப் பேர் சந்தை மலாய்ல வெளுத்து வாங்குவாங்க! கம்பத்துல வளர்ந்தவங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. இந்தோனேசியாவில் இருந்து வர்ற பெண்ணோட இவங்க மலாய்ல பேசிச் சிரிக்கறதை நானே பாத்திருக்கேன். மறதி நோய் இருந்தா மட்டும் கவனம். பின்னால கத்துக்கிட்ட மொழி முதல்ல நழுவிப்போய், தாய்மொழி மட்டும் மிஞ்சறது உண்டு. அந்த வீட்டுக்குத் தமிழ் தெரிஞ்சவரைத் தேடறதுல நியாயம் இருக்கு. சாப்பாடும் அப்படித்தான். வீட்டுல மாட்டிறைச்சி கூடாது, வெள்ளிக்கிழமை சைவம்னா வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அவ முஸ்லிமா இருந்தா ஹலால், நோன்பு பத்தி நீங்களும் கேட்டுக்கோங்க. சாமி விளக்கை அவ ஏத்தணும்னு எதிர்பார்க்கறது எனக்குச் சரியாப் படல.

அக்கா வீட்டுல மூணாவது பெண்ணுக்கு முன்கூட்டியே ஒரு தாள் எழுதிக் காட்டினாங்க. ராத்திரி ரெண்டு, மூணு தடவை எழணும். மதியம் 1.30 முதல் 3.30 வரைக்கும் அவ தூங்கற நேரம், அப்ப யாரும் கூப்பிடக்கூடாது. வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி பேரனோ அக்காவோ பாட்டி கூடப் படுப்பாங்க. சமையல் பாட்டிக்கும் தனக்கும் மட்டும், மத்தவங்க துணியை மத்தவங்க பாத்துக்குவாங்க. மாத்திரையை வாரப் பெட்டியில அக்கா நிரப்புவாங்க, இவ எடுத்துக் கொடுக்கிறதோட சரி. இதைப் படிச்சுட்டு ஒருத்தி "முடியாது மேம்"னா. அக்காவுக்கு வருத்தம். எனக்கு அது நல்ல செய்தியாப் பட்டது. அஞ்சு வாரம் கழிச்சுச் சொல்ல வேண்டியதை முன்னாடியே சொல்லிட்டா. அடுத்தவ ஒத்துக்கிட்டா. இப்ப ஒரு வருஷத்துக்கு மேல இருக்கா.

"இவ்வளவு சலுகை கொடுத்தா தலைக்கு மேல ஏறிடுவாங்க"ன்னு ஒரு அங்கிள் சொன்னார். அங்கிள், நீங்க எடுத்திருக்கிறது பராமரிப்பாளர். வீட்டுல 67 வயசோ அதுக்கு மேலயோ உள்ள குடிமகன் இருக்கிறதாலதானே மாசத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதிலா 60 வெள்ளி கட்டறீங்க? பெரியவருக்காகச் சலுகையை வாங்கிட்டு, அந்தப் பெண்ணைத் தங்கச்சி வீட்டுத் தரையைத் துடைக்க அனுப்பறது எந்த ஊர் நியாயம்? சட்டப்படியும் தப்பு. வேலை அனுமதியில பதிஞ்சிருக்கிற வீட்டுல மட்டும்தான் அவ வீட்டுவேலை செய்யலாம்.

கேமரா பத்தி நிறையப் பேர் கேக்கறாங்க. வைங்க, ஆனா அவகிட்ட சொல்லிட்டு வைங்க. அவ பாட்டி அறையிலேயே படுத்து உடை மாத்தறான்னா அங்க வைக்கக்கூடாது. கேமராவை விட நம்பகமான சாட்சி பாட்டியோட உடம்புதான். வாரத்துல ஒருநாள் நீங்களே குளிப்பாட்டுங்க. வால் எலும்பு, குதிகால் பக்கம் சிவந்திருக்கா, விரலால அழுத்தி எடுத்தா சிவப்பு மறையாம அப்படியே இருக்கான்னு பாருங்க. அது படுக்கைப்புண்ணோட ஆரம்பம். மாத்திரைப் பெட்டியில எது மிஞ்சியிருக்குன்னு பாருங்க. அந்தப் பெண் ஊட்டும்போதே கண் சொருகறாளான்னும் பாருங்க. சொருகினா திட்டாதீங்க, நோட்டை எடுத்து மறுபடி ராத்திரியை எண்ணுங்க.

கடைசியா ஓய்வு நாள். வாரத்துக்கு ஒரு நாள் அவ உரிமை. அவளே சம்மதிச்சு வேலை செஞ்சா ஒரு நாள் சம்பளமாவது கொடுக்கணும். மாசம் 780 வெள்ளின்னா 26-ஆல வகுத்து 30 வெள்ளி. ஆனா 2023 ஜனவரியில இருந்து மாசத்துல ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் வெளிய விடணும். அந்த ஒரு நாள் பாட்டியை யாரு தூக்கறது? இங்கதான் பல குடும்பம் முழிக்குது. மகனுக்குப் பெம்பர்ஸ் மாத்தத் தெரியாது, மருமகளுக்குப் பயம். அதனால மருத்துவமனையில பயிற்சி கொடுக்கறப்ப பணிப்பெண்ணோட சேர்ந்து வீட்டாளுங்க ரெண்டு பேராவது நின்னு கத்துக்கோங்க. அவ வந்து முதல் ரெண்டு வாரம் யாராவது ஒருத்தர் லீவு எடுத்து வீட்டுல இருங்க. அவளுக்காகவும்தான், பாட்டிக்காகவும்தான். முன்பின் தெரியாத பெண் திடீர்னு வந்து தன்னைக் குளிப்பாட்டறான்னா எந்தப் பாட்டிதான் கூச்சப்படாம இருப்பாங்க?

ராத்திரி நோட்டு எப்படி எழுதறதுன்னு பாக்கணும்னா அக்கா தன்னோட பழைய நோட்டைக் காட்டத் தயார்னு சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயரட்சை முடிஞ்சதும் பந்திக்கூடத்துல கைகழுவற இடத்துக்கிட்ட நிப்பேன், வந்து கேளுங்க. பாட்டியைக் கூட்டிட்டு வர்றவங்க சரிவுப்பாதை இருக்கிற பக்கவாசல் வழியா வாங்க. கூட வர்ற பெண்ணை வெளிய செருப்புக்குக் காவல் வச்சுட்டு வராதீங்க, அவளுக்கும் இலை போடறோம்.