பங்கு கிடைச்சாச்சு, பாதை எங்கே? பின்பக்கத்துப் பங்கும் வழி உரிமையும்

மார்த்தாண்டம் பக்கத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் எதிலாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், இந்த ஒரு வாக்கியம் எப்படியும் காதில் விழும்: "இடம் பத்து சென்ட் இருக்கு, ஆனா வழி இல்ல." அப்பா காலத்தில் ஒரே விளையாக இருந்த நிலம் நாலாகப் பிரிந்திருக்கும். ரோட்டை ஒட்டிய பங்கு அண்ணனுக்குப் போயிருக்கும். பின்பக்கத்துப் பங்கு வெளியூரில் வேலை பார்க்கும் தம்பிக்கோ, கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கோ வந்திருக்கும். பத்து வருஷம் கழித்து வீடு கட்ட வந்தால், வழியில் காம்பவுண்ட் சுவர் நிற்கும்.

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும் இந்தப் பிரச்சினை உண்டு. ஆனால் விளவங்கோடு, கிள்ளியூர் பகுதிகளில் இது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்கு ஊரின் அமைப்பே காரணம். மதுரை, தஞ்சாவூர் பக்கத்துக் கிராமங்களில் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும், வயல் தனியாக ஊருக்கு வெளியே இருக்கும். இங்கே கேரளம் போல ஒவ்வொரு வீடும் தன் புரையிடத்துக்கு நடுவில் நிற்கிறது. சுற்றிலும் தென்னை, பலா, ரப்பர். நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு இடவழி, ஆள் நடக்கிற அளவுக்கு. அந்த நிலத்தைப் பிரித்தால் வீட்டுமனையும் தோட்டமும் சேர்ந்தேதான் பிரியும், பிரிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு வீடாகும். அத்தனைக்கும் வழி வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு உதாரணம். 40 சென்ட் நிலம். ரோட்டு முகப்பு 66 அடி, உள்நீளம் 264 அடி. வாரிசுகள் நாலு பேர். நீளவாக்கில் கோடு போட்டால் எல்லோருக்கும் ரோடு கிடைக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் வருவது பதினாறரை அடி அகல ரிப்பன். அதில் ஒழுங்காக ஒரு வீடு நிற்காது. அதனால் எல்லோரும் குறுக்கே பிரிக்கிறார்கள். 66க்கு 66 அடி, ஆளுக்குச் சரியாகப் பத்து சென்ட். பேப்பரில் பார்க்க அழகாக இருக்கும். ரோடு மட்டும் ஒருவருக்குத்தான்.

இப்போது கடைசிப் பங்குக்குப் பத்து அடி வழி விட வேண்டும் என்றால், முன்னால் இருக்கிற மூன்று பேரும் தலா 660 சதுர அடி, அதாவது ஒன்றரை சென்ட் இழக்க வேண்டும். கடைசியில் இருப்பவர் ஒன்றுமே இழக்க மாட்டார். முன்பங்குக்காரரின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. அது முழுக்க நியாயமில்லாத கோபமும் இல்லை.

அதே நிலத்தில் பிரிக்கும் முன்பே பத்து அடிப் பொதுப்பாதையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நாலாகப் பிரித்தால்? பாதைக்குச் சுமார் நாலே முக்கால் சென்ட் போகும். ஆளுக்குப் பத்துக்குப் பதில் ஏறக்குறைய 8.8 சென்ட் வரும். இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவு. இந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடாமல் விட்டதுதான் இருபது வருஷம் கழித்து குழித்துறை நீதிமன்ற வராந்தாவில் வந்து நிற்கிறது.

சட்டம் என்ன தருகிறது?

"பாகப்பத்திரத்தில் வழி எழுதவில்லை, அதனால் வழி கிடையாது" என்று முன்பங்குக்காரர் சொன்னால், அது தப்பு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வக்கீல்கள் 'ஈஸ்மென்ட் ஆக்ட்' என்று சொல்வது, தன் 13ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு உட்பிரிவு வைத்திருக்கிறது. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒருவரின் பங்கை அனுபவிக்க இன்னொருவரின் பங்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், அந்த உரிமை அவருக்கு உண்டு. பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் உண்டு. முன்பங்கை அண்ணன் வேறொருவருக்கு விற்றுவிட்டாலும், வாங்கியவர் அந்தச் சுமையோடுதான் வாங்குகிறார்.

அடுத்த பிரிவு இன்னும் சுவாரஸ்யம். வழி எந்த ஓரமாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை முன்பங்குக்காரருக்கே. கிணற்றை விட்டுத் தள்ளி, பலா மரத்தை ஒட்டி என அவர் சொல்லலாம். ஆனால் அது பின்பங்குக்காரருக்கு நியாயமான வசதியோடு இருக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, பின்பங்குக்காரரே பாதையைக் குறித்துக்கொள்ளலாம். "எனக்க இடத்துல வழியே கிடையாது" என்று அடம்பிடிப்பவர், எந்த ஓரம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார். இதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னாலே பாதிச் சண்டை பேச்சில் முடியும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு பின்பங்குக்காரர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. இது 'தேவை'க்கான உரிமை, 'வசதி'க்கானது இல்லை. பின்பக்கம் சுற்றி, குளத்தங்கரை வழியாக, அரை கிலோமீட்டர் அதிகமாகப் போகிற இன்னொரு வழி சட்டப்படி இருந்தால், 'இது கிட்ட' என்பது மட்டும் காரணமாகாது.

இன்னொரு சிக்கல் கார். 28ஆம் பிரிவின்படி, தேவை என்பது பிரித்த அன்றைக்கு இருந்த தேவை. 1985இல் பிரித்த நிலம், அன்று எல்லோரும் நடந்துதான் போனார்கள் என்றால், இன்று கார் போகப் பத்து அடி கேட்பது கஷ்டம். நடக்கிற உரிமைக்குள் வண்டி உரிமை தானாக நுழைந்துவிடாது. இன்று வீட்டுக்கடன் கேட்டுப் போகிற இளைஞருக்கு இது பெரிய அடி. வங்கியின் வக்கீல் முதலில் பார்ப்பது பாதையைத்தான். செங்கல் லாரி உள்ளே வராத இடத்தில் மூன்றடி நடைபாதை என்பது சட்டப்படி வழி, நடைமுறையில் தலைச்சுமைக் கூலி.

"நாப்பது வருஷமா போறோம்" என்ற வாதம்

பெரும்பாலான பின்பங்குக்காரர்கள் முதலில் சொல்வது இதுதான். 15ஆம் பிரிவின்படி, ஒரு வழியை உரிமையாக, வெளிப்படையாக, தடையில்லாமல் இருபது வருஷம் அனுபவித்தால் அது நிலைத்த உரிமையாகும். கேட்க வலுவாக இருக்கும். ஆனால் நிலம் பிரியாமல் எல்லோருக்கும் பொதுவாக இருந்த காலத்தில் நடந்தது கணக்கில் வராது. தன் சொந்த நிலத்தின் மேல் யாருக்கும் ஈஸ்மென்ட் இருக்க முடியாது, அவ்வளவுதான் தர்க்கம். நாற்பது வருஷ நடையில் முப்பது வருஷம் அப்பா உயிரோடு இருந்த காலம் என்றால், மிச்சம் பத்துதான். அதுவும் அண்ணன் சம்மதித்து விட்ட நடை என்று நிரூபணமானால் பூஜ்யம். கோவாவிலிருந்து வந்த ஒரு பாதை வழக்கில், இப்படிப்பட்ட அனுபவத்தை மனுவிலேயே எப்போதிலிருந்து, எப்படி என்று தெளிவாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. மனுவில் தேவை, அனுபவம், ஒப்பந்தம் என எல்லாவற்றையும் கலந்து எழுதி, பாதையின் நீள அகலத்தை மட்டும் எழுதாமல் விடுவது இங்கே வழக்கமாக நடக்கிற பிழை. கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் டேப்போடு வந்து நிற்கும்போது, எந்த அளவை அவர் சரிபார்ப்பது?

எழுதிய வழிக்கு ஆயுள் அதிகம்

13ஆம் பிரிவு தருகிற வழிக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது. தேவை முடிந்தால் உரிமையும் முடியும் என்கிறது 41ஆம் பிரிவு. பின்பங்குக்காரர் பக்கத்தில் ரோடு தொடுகிற இரண்டு சென்ட் வாங்கினால், பழைய வழி போச்சு. ஆனால் பத்திரம் மூலம் கொடுத்த வழிக்கு இது பொருந்தாது. 2006இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும், 2010இல் கேரளத்தின் ஸ்ரீ ஸ்வயம் பிரகாஷ் ஆசிரமம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியது. ஆசிரம வழக்கில் வேறு வழி இருக்கிறது என்று வாதிட்டார்கள். கொடுத்த வழி என்றால், மாற்று வழி இருந்தாலும் அது அழியாது என்று நீதிமன்றம் சொன்னது.

அதைவிட வலுவானது, பாதையை ஈஸ்மென்ட்டாக இல்லாமல் நால்வரின் பொதுச் சொத்தாகவே பாகப்பத்திரத்தில் தனி அட்டவணையாக எழுதுவது. அப்போது கடைசிப் பங்குக்காரர் யாருடைய இடத்திலும் நடக்கவில்லை, தன் இடத்தில் நடக்கிறார். பத்தடி, வண்டி போகலாம், குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின்கம்பி எல்லாம் இதன் வழியே போகலாம் என்று அந்த அட்டவணையிலேயே எழுத வேண்டும். நடைக்கு விட்ட வழியில் குழாய் பதிப்பது தனிச் சண்டையாக மாறும்.

யார் பங்கு பின்னால் போகிறது?

இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளின் பங்கை மகன் பங்கின் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது என்று நிறுத்தி வைத்திருந்தது. 1951லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பங்களில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. காகிதத்தில் மகள் சமமாகிவிட்டாள். ரோட்டை ஒட்டிய பங்கு யாருக்கு என்பதைத் தீர்மானிக்க மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. வழியில்லாத பத்து சென்ட்டை வாங்க அண்ணனைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள், விலையை அவரே சொல்வார். சம பங்கு பாதி விலைக்குத் திரும்பிப் போக இது ஒரு சுலபமான வழி. எல்லா அண்ணன்களும் இப்படி இல்லை. ஆனால் அந்த வாய்ப்பைப் பத்திரமே உருவாக்கித் தரக் கூடாது.

பாகப்பத்திரத்தைப் பதிவு செய்யும்போது சார்பதிவாளர், வழி இருக்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. முத்திரைத் தீர்வை சரியா, ஆட்கள் சரியா என்பதோடு அவர் வேலை முடிகிறது. ஒவ்வொரு பங்கும் ரோட்டை எப்படித் தொடுகிறது என்று காட்டும் அளவு வரைபடம் இல்லாமல் பாகப்பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி வந்தால், செலவு ஒரு சர்வேயரின் அரை நாள் கூலி. அண்ணன் தம்பி ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒன்றாகக் கையெழுத்துப் போடும் கடைசி நாள் பெரும்பாலும் அதுதான். பாதையைக் கேட்க அதைவிட நல்ல நாள் வராது.

ஏற்கெனவே பிரித்து முடித்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முன்பங்கு இன்னும் உடன்பிறந்தவர் பெயரில் இருக்கும்போதே, பாதையின் நீள அகலத்தைக் குறித்து ஒரு வழி உரிமைப் பத்திரம் எழுதி, பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இழப்பீடாக ஒன்றரை சென்ட்டுக்கு அன்றைய விலை கேட்டால், கொடுப்பதே லாபம். அந்தப் பங்கு கைமாறி, வாங்கியவர் புதிதாக கேட் மாட்டிய பிறகு, அதே ஒன்றரை சென்ட்டுக்கு முதலில் வக்கீல் பீஸ் கட்ட வேண்டிவரும்.