விடுதிச் சோறும் கால் டம்ளர் பயறும்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாயார் எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கோயமுத்தூரில் படிக்கிறான், வயது 19. ஹாஸ்டலில் சேர்ந்து ஓராண்டு முடிவதற்குள் 4 கிலோ எடை குறைந்துவிட்டதாம். பிற்பகல் வகுப்புகளில் கண் செருகுகிறதாம். மாதந்தோறும் முறுக்கும் தட்டையும் செய்து அனுப்பியும் பையன் தேறவில்லை என்கிறார். "மெஸ்ஸை மாற்றுவது எங்களால் ஆகாத காரியம். அறையில் அடுப்பு வைக்க அநுமதி கிடையாது. தினம் 25 ரூபாய்க்கு மேல் அதிகப்படியாகக் கொடுக்கவும் எங்களுக்குச் சக்தியில்லை. என்ன செய்யலாம்?" என்று கேட்டு, ஒரு வாரத்து மெஸ் பட்டியலையும் உடன் வைத்திருக்கிறார்.

பட்டியலைப் பார்த்தால் பையன் பட்டினி கிடக்கவில்லை என்பது தெரிகிறது. காலையில் நான்கு இட்டிலி. பகலில் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், நீர்மோர். இரவில் மூன்று சப்பாத்தியும் குருமாவும். வயிறு நிறைகிறது. ஆனால் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குருமாவில் மஞ்சள் நிறம் இருக்கிறது, காய் இல்லை. இதில் புரதச் சத்து எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இட்டிலியில் 8 கிராம், 200 கிராம் அரிசிச் சோற்றில் 15 அல்லது 16, சாம்பாரில் 3, சப்பாத்தியும் குருமாவும் சேர்ந்து 11, மோரும் பொரியலும் 3. ஆகமொத்தம் ஏறக்குறைய 41 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. ஆகவே குறைவது சுமார் 13 கிராம். இந்தக் குறையை முறுக்கும் தட்டையும் தீர்க்கமாட்டா. அவையும் அரிசி மாவுதானே! அரிசி போதாத இடத்தில் மேலும் அரிசியை அனுப்பிக்கொண்டிருக்கிறார், பாவம், அந்தத் தாயார்.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1920-களில் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர், இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு கொழுத்து வளர்ந்தன. அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை மெலிந்து பின்தங்கின. அரிசியின்மேல் குற்றமில்லை, அரிசிக்குத் துணையாக வரவேண்டியவை இலையில் குறைந்துபோனதுதான் குற்றம்.

அந்தத் துணையை அடுப்பின்றி, 25 ரூபாய்க்குள் எவ்வாறு சேர்ப்பது? மூன்று பொருள்கள் போதும்: பாசிப்பயறு, நிலக்கடலை, கொய்யாப்பழம். கால் டம்ளர் பயறு ஏறக்குறைய 40 கிராம் நிற்கும். அதில் புரதம் 9 கிராம். ஒரு பிடி கடலை 30 கிராம். அதில் 7 கிராம். இரண்டும் சேர்ந்து 16 ஆகிறது. குறைந்த 13 ஈடாகி மேலும் சிறிது மிஞ்சுகிறது. விலை ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயினும் பயறும் கடலையும் வீட்டிலிருந்து சென்றால், பையன் கையிலுள்ள காசு ஒரு கொய்யாவுக்கும் ஒரு வாழைப்பழத்துக்கும் தாராளமாகப் போதும்.

முதலில் பயறு. முளை கட்டினால் புரதம் இரட்டிப்பாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவ்வாறு ஆவதில்லை. ஊறிய பயறு எடையில் இரு மடங்குக்கு மேல் கூடுவது தண்ணீரால்தான். முளை கட்டுவதால் உண்டாகும் நன்மை வேறு. உலர்ந்த பயற்றில் இல்லாத 'ஸி' வைட்டமின் சிறிது தோன்றுகிறது. இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாத ஒரு பொருள் குறைகிறது. பயறும் சீக்கிரம் வேகிறது. மெஸ்ஸில் சில நிமிஷங்கள் மட்டும் அடுப்பை இரவல் வாங்கவேண்டிய மாணவனுக்கு இக்கடைசி நன்மைதான் பெரிது.

செய்யும் முறை இது. பகல் சாப்பாட்டுக்கு வரும்போது, 1 மணி சுமாருக்குக் கால் டம்ளர் பயற்றை இருமுறை கழுவி, ஒரு டம்ளர் குடிநீரில் ஊறப்போட வேண்டும். இரவு 8 மணிக்கு நீரை முற்றிலும் வடித்து, மீண்டும் ஒருமுறை அலசி, சுத்தமான நனைத்த பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். படுக்கப் போகுமுன் துணியின்மேல் சிறிது குடிநீர் தெளித்தால் போதும். நம் ஊர் வெப்பத்தில் காலை 6 மணிக்கெல்லாம் சிறு வெண்முளை எட்டிப் பார்க்கும். முளை நீளவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இதில் நேரும் பிழைகள் இரண்டு. துணி உலர்ந்துவிட்டால் பாதிப் பயறு முளைக்காது. அதனால் தீங்கில்லை, வேகவைத்துத் தின்னலாம். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தோடு மூடி வைப்பதுதான் பெரும் பிழை. காலையில் திறந்தால் புளித்த நாற்றம் வரும், தொட்டால் வழவழக்கும். அப்பயற்றைக் கழுவிப் பார்ப்பதோ வேகவைத்துப் பார்ப்பதோ கூடாது, கொட்டிவிட வேண்டும். ஊறாமல் கல்போல் நிற்கும் ஓரிரு மணிகளையும் பொறுக்கி எறியவேண்டும். இல்லையேல் பல்லுக்கு ஆபத்து.

முளைப்பயற்றைப் பச்சையாகத் தின்பதே உத்தமம் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. காந்தியடிகளே 1929-ல் முளைகட்டிய தானியம் முதலிய சமைக்காத உணவைச் சில மாதங்கள் பரீக்ஷை செய்தார். சீதபேதி கண்டு அதை நிறுத்தும்படியாயிற்று. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் மூலம் பரவிய கிருமியால் சுமார் 4000 பேர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முளை வளர்வதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்புமே கிருமி வளரவும் ஏற்றவை. கிருமி விதையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. பலர் புழங்கும் குழாய் நீரையும் பொது அறையையும் நம்பி வாழும் மாணவன், பயற்றை வேகவைத்தே தின்னவேண்டும்.

அடுப்புக்கு எங்கே போவது? மெஸ்ஸில் இட்டிலிக் கொப்பரை காலையில் எப்படியும் ஆவி கக்கிக்கொண்டிருக்குமல்லவா? பயற்று முடிச்சை அப்படியே எடுத்துச் சென்று, "மாஸ்டர் அண்ணே, இதையும் ஒரு ஓரமாக வைத்து எடுத்துத் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. இட்டிலி வேகும் 10 நிமிஷத்தில் பயறும் வெந்துவிடும். இட்டிலி இல்லாத நாளில், கொதிக்கும் நீரில் 5 நிமிஷம் போட்டு எடுக்கச் சொல்லலாம். 'ஸி' வைட்டமின் சிறிது அழியும். அதை ஈடுசெய்யப் பழம் இருக்கிறது. ஆறியபின் உப்பும் அரை மூடி எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்துக் காலை உணவோடு உண்ணலாம். முதல் வாரம் பாதி அளவோடு தொடங்குவது நல்லது. பழகாத வயிறு பொருமும்.

அடுத்தது கடலை. மாலையில் ஒரு பிடி தின்றால், அளவில் சிறிதானாலும் 170 கலோரி வரை கிடைக்கிறது. எடை குறைந்த பையனுக்கு அதுவும் வேண்டியதே. ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் டீக்கடை வடையை நாடவேண்டியதில்லை. ஆனால் கடலையைப் பார்த்துத் தின்னவேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியிலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு அகப்பட்டது. அஃப்ளடாக்ஸின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுவதும் அழியாதது. ஆகவே சுருங்கிய பருப்பு, கறுத்த பருப்பு, பூஞ்சணம் படிந்த பருப்பு ஆகியவற்றைத் தின்னுமுன்பே நீக்கவேண்டும். வாயில் கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். தாயார் மூன்று மாதத்துக்கு வேண்டியதை ஒரே மூட்டையாக அனுப்பாமல், இரண்டு வாரத்துக்கு மட்டும் வறுத்து, நன்றாக ஆறியபின் உலர்ந்த டப்பாவில் அடைத்து அனுப்பட்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பூஞ்சணத்தை அழைக்கும். கடலை தின்று உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டவர்கள் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது கொய்யா. ஆரஞ்சைவிடப் பன்மடங்கு 'ஸி' வைட்டமின் உள்ள இப்பழம், நம் சந்தைகளில் மலிவாகக் கிடைப்பது நம் பாக்கியம். அதைச் சாயங்காலம் தனியே தின்பதைக் காட்டிலும் பகல் சோற்றோடு தின்பது மேல். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேருவதில்லை. அதே வேளையில் 'ஸி' வைட்டமினும் வயிற்றுக்குள் சென்றால் நன்கு சேருகிறது. கொய்யா கிடைக்காத காலத்தில் ஒரு நெல்லிக்காய் போதும். டீ இதற்கு நேர் விரோதி. சாப்பிட்ட கையோடு குடித்தால், அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. டீயே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது செல்லட்டும்.

இவற்றால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும். பி-12 என்ற வைட்டமின் பயற்றிலும் இல்லை, கடலையிலும் இல்லை, பழத்திலும் இல்லை. சைவ உணவு உண்பவர்கள் அதைப் பால், தயிர் மூலமே பெறவேண்டும், நீர்மோர் போதாது. பெண்மக்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. கால் டம்ளர் பயற்றில் இருப்பதோ 2 மில்லிகிராம்தான். ஆகவே ஹாஸ்டலில் இருக்கும் பெண் வெளிறிப்போய், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், பயற்றை நம்பிக் காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்கும் ஆண்களுக்கு 13-க்கும் கீழே இருந்தால் அது சோகை; அதற்கு வைத்தியர் தரும் மருந்தே வேண்டும்.

திருநெல்வேலிப் பையன் விஷயத்திலும் இதுவே என் யோசனை. 4 கிலோ குறைந்தது சாப்பாட்டால் மட்டுந்தான் என்று இங்கிருந்தபடி யாரும் சொல்ல முடியாது. இந்த வாரமே அங்குள்ள வைத்தியரிடம் ஒருமுறை காட்டி, இரத்தமும் பார்த்துவிடட்டும். வேறு நோய் இல்லையென்று தெரிந்தால் பயறு, கடலை, கொய்யாவோடு ஆறு வாரம் நடத்திப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். எடை ஏறாவிட்டாலும், மேலும் குறையாமல் நின்றாலே வழி சரியென்று கொள்ளலாம். பிறகும் குறைந்துகொண்டே போனால் மீண்டும் வைத்தியரிடந்தான் செல்லவேண்டும்.