போன் சொல்லும் தமிழும் கைநாட்டு வைக்கும் காகிதமும்



கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்கு அண்மையில் தோட்ட ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. உயர்தரம் படிக்கும் அவரது மகன் அதைப் போனில் படம் பிடித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழாக்கிக் கொடுத்தான். வந்த தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், உள்நாட்டு விசாரணை ஒருதலைப்பட்சமாக நடத்தப்படும்."

அக்கா அதை வாசித்துவிட்டு, "ஒருதலைப்பட்சமாத்தான் நடத்துவோம்னு அவங்களே எழுதியிருக்காங்க. பெறகு நான் போயி என்ன செய்ய?" என்று கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். தோட்டத் தலைவி கேள்விப்பட்டு அதை எம்மிடம் கொண்டுவந்தபோது ஐந்து நாள் முடிந்திருந்தது.

ஆங்கிலக் கடிதத்தில் 'டொமெஸ்டிக் இன்குவைரி' என்று இருந்தது. அது தோட்ட நிர்வாகம் தனக்குள்ளே நடத்தும் உள்ளக விசாரணை. 'உள்நாட்டு' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அடுத்தது 'எக்ஸ் பார்ட்டே'. நீங்கள் வராவிட்டாலும் விசாரணை நடக்கும், நிர்வாகத்தின் சாட்சியை மட்டும் கேட்டு முடிவெடுப்பார்கள் என்பது அதன் பொருள். சட்டத் தமிழிலும் அதை 'ஒருதலைப்பட்சம்' என்றுதான் எழுதுவார்கள். ஆகவே இயந்திரம் போட்ட சொல் அகராதிப்படி சரி. ஆனால் லயத்தில் அந்தச் சொல்லுக்கு ஓரவஞ்சனை என்றே அர்த்தம். 'கட்டாயம் பதில் எழுதுங்கள், கட்டாயம் வாருங்கள்' என்று எச்சரிக்க வந்த வாக்கியம், 'வந்தும் பயனில்லை' என்று சொல்வதுபோல் ஆகிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு நாளில் பதில் எழுதிக் கொடுத்தோம். தலைவி கேள்விப்படாமல் இருந்திருந்தால் அந்த அக்காவின் வேலை என்னவாகியிருக்கும்?

மகன் மீது குற்றமில்லை. முன்பெல்லாம் இயந்திரத் தமிழ் கல்லும் மண்ணுமாக இருந்தது, பார்த்த உடனேயே சந்தேகம் வரும். இப்போது அது வழவழப்பாக வருவதால் பிழை உள்ளே மறைந்துகொள்கிறது. அதற்காகப் போனைத் தொடாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வருகிற எல்லாக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போக எம்மால் முடியாது. எதைப் போனில் பார்க்கலாம், எதை மனிதரிடம் கொடுக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரிப்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். இந்தக் காகிதத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டால் பிறகு திருத்திக்கொள்ள முடியுமா? இதில் கையெழுத்தோ கைநாட்டோ கெடு நாளோ இருக்கிறதா?

கிளினிக் நாள், தண்ணீர் வெட்டு, பாடசாலைப் பெற்றோர் கூட்டம், தையல் வகுப்பு போன்ற அறிவித்தல்களில் பிழை வந்தால் ஒரு நடை வீணாகும், அவ்வளவுதான். இவற்றுக்கு இயந்திரத் தமிழை எடுத்து, மேலோட்டமாகச் சரிபார்த்தால் போதும். ஆனால் சரிபார்ப்பவருக்கு மூலமொழி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களக் காகிதத்தின் தமிழை மட்டும் வாசித்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வது சரிபார்ப்பு ஆகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்: ஆட்களின் பெயரும் இடத்தின் பெயரும்; திகதி, நேரம், பணம்; 'இல்லை', 'தவிர', 'தவறினால்' போன்ற சொற்கள்; யார் எதைச் செய்ய வேண்டும் என்பது. வசன அழகைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெயர்களை மட்டும் இயந்திரத்திடம் விடாமல் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள். தமிழில் ஒரே 'க' பல ஒலிக்கு நிற்கிறது. கணேசன் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'கே'யிலும் இன்னோரிடத்தில் 'ஜி'யிலும் தொடங்கினால், ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில்தான் அந்தத் தொல்லை தெரியவரும்.

காகிதம் சின்னது என்பதால் அது இலேசான காகிதம் ஆகிவிடாது. மண்சரிவு எச்சரிக்கை சில வரிதான் இருக்கும். அதில் மூன்று மட்டங்கள் உண்டு: முதலாவது விழிப்பாக இருக்கச் சொல்கிறது, இரண்டாவது தயாராக இருக்கச் சொல்கிறது, மூன்றாவது உடனே வெளியேறச் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் மூன்றுமே 'எச்சரிக்கை' என்று வந்துவிட்டால் போக வேண்டிய லயம் போகாது. அதற்கு மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மட்டத்தையும் பிரதேசத்தின் பெயரையும் கிராம உத்தியோகத்தரிடம் உடனே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அடுத்தது, முழுமையாக மனிதர் மொழிபெயர்க்க வேண்டியவை. குற்றச்சாட்டுக் கடிதம், வேலை இடைநிறுத்தம், நிர்வாகத்தோடு செய்யும் உடன்படிக்கை, சேவைக்காலப் பணம் கிடைத்ததாக வைக்கும் ஒப்பம், பொலிசில் கொடுக்கும் வாக்குமூலம், ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கும் சம்மதம், வீடு காணிப் பத்திரங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

காணிப் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். குடியிருக்க அனுமதி கொடுப்பது ஒன்று, குத்தகைக்குக் கொடுப்பது வேறொன்று, உறுதி எழுதிச் சொந்தமாகக் கொடுப்பது இன்னொன்று. 'உறுதி' என்று நாம் சொல்லும் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லுக்குச் 'செயல்' என்றும் பொருள் உண்டு. இயந்திரம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றையும் 'உரிமை' என்று கலந்து எழுதிவிட்டால், பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாத ஒன்றைச் சொந்தம் என்று நினைத்துக் கைநாட்டு வைப்போம்.

இப்படியான காகிதத்துக்கு இயந்திரத் தமிழைத் திருத்தி எடுப்பதுகூட வேண்டாம். 'ஒருதலைப்பட்சம்' என்று ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், திருத்துபவரின் மனமும் அதையே பிடித்துக்கொள்ளும். மூலத்தை வாசித்து முதலிலிருந்தே எழுத வேண்டும். பிறகு இன்னொருவர் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலுக்கான ஐ.எஸ்.ஓ. 17100 என்ற சர்வதேசத் தரமும் இரண்டாம் ஆள் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றே விதிக்கிறது. நீதிமன்றத்துக்கோ காணி அலுவலுக்கோ போகும் பத்திரமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள்.

ஆனால் இந்தச் சுமை எல்லாம் எமது தலையில்தான் விழ வேண்டுமா? அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்திலிருந்து தமிழில் பதில் பெறுவது எமது உரிமை. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். 'போன்ல பாத்துக்கங்க' என்று எந்த உத்தியோகத்தர் சொன்னாலும் அதைத் தமிழில் கொடுத்ததாக ஏற்க வேண்டாம். தோட்டக் கம்பனிகளிடம், குற்றச்சாட்டுக் கடிதத்தோடு மனிதர் மொழிபெயர்த்து ஒப்பமிட்ட தமிழ்ப் பிரதியும் வர வேண்டும் என்று தோட்டக் கமிட்டிகள் கேட்க வேண்டும். எமக்கு அந்த ஒப்பம் முக்கியம். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பது அப்போதுதான் தெரியும்.

அதுவரை ஒவ்வொரு டிவிஷனிலும் சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரிந்த இருவரின் பெயரைத் தலைவரோ தலைவியோ எழுதி வையுங்கள். கெடு நாள் உள்ள காகிதம் வந்தால் அன்று மாலையே அவர்களிடம் போக வேண்டும், பெட்டிக்குள் போகக்கூடாது.