வாழ்த்து மடலுக்கு நாலு திருத்தம்

பிரிவு உபசார விழா என்றால் மாலை, பொன்னாடை, அப்புறம் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். மாலை அன்று மாலையே வாடிவிடும். பொன்னாடை பீரோவுக்குப் போய்விடும். மடல்தான் சுவரில் தொங்கும், பேரன் பேத்திகள் வரை படிப்பார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது? "கருணைக் கடலே! கடமையின் சிகரமே! தியாகச் சுடரே!" இதைப் போஸ்ட் மாஸ்டருக்கும் கொடுக்கலாம், பள்ளி ஆசிரியருக்கும் கொடுக்கலாம்.

எங்கள் பகுதிக்கு 27 வருஷம் தடுப்பூசி போட்ட கிராம சுகாதார நர்ஸ் ஓய்வு பெற்றார். மாதர் சங்கத்தின் சார்பில் மடல் எழுதும் பொறுப்பு எதிர் வீட்டுப் பெண்ணுக்கு. இரண்டு குழந்தைகளுக்குத் தாய், நன்றாக எழுதுவாள். இரண்டு முழுத்தாள் எழுதிக்கொண்டு வந்து, "அக்கா, பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள். எண்ணிப் பார்த்தேன். பதினோரு "யே!" இருந்தது. அவள் மனசில் இருந்த நன்றி நிஜம்தான். தாளில்தான் அது வரவில்லை. இருவரும் உட்கார்ந்து நாலு தடவை திருத்தினோம். அந்த வழியைச் சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் உதவும்.

முதல் திருத்தத்துக்குப் பென்சில் மட்டும் போதும். ஒவ்வொரு வரியிலும் நர்ஸம்மா என்ற இடத்தில் வேறொருவரை வைத்துப் படிக்க வேண்டும். அப்போதும் பொருந்தினால் அந்த வரியின் மேல் ஒரு கோடு. "தன்னலம் கருதாத சேவை", "புன்னகை மாறாத முகம்", "இமயம் போன்ற உயர்வு" எல்லாம் போயிற்று. இரண்டு தாளில் மிஞ்சியது நாலே வரி. அவள் முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானாக்கா அவங்க?" என்றாள். அவர் இவ்வளவுதான் என்று அர்த்தமில்லை, நாம் அவரைப் பற்றி இன்னும் எழுதவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது திருத்தத்துக்குத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. "நர்ஸம்மா எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவங்க" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றினோம். "உங்க வீட்டுக்கு வந்த ஒரு நாளைச் சொல்லுங்க. என்ன செஞ்சாங்க? என்ன வார்த்தை சொன்னாங்க?" இப்படிக் கேட்டதும் விஷயம் வந்தது.

ஒரு தாய் சொன்னாள்: குழந்தைக்குப் பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டியது. பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். நர்ஸம்மா உட்கார வைத்து, "இது வர வேண்டியதுதான்மா. எதையும் தடவாதே, கட்டுப் போடாதே, தானா ஆறித் தழும்பாகும். அக்குளில் கட்டி தெரிஞ்சா மட்டும் உடனே கூட்டிட்டு வா" என்றாராம்.

இன்னொரு தாய் போலியோ சொட்டு மருந்து ஞாயிறைச் சொன்னாள். முகாம் முடிந்த மறுநாள் வீடு வீடாக வருவார்கள். எல்லாக் குழந்தைக்கும் போட்டாயிற்று என்றால் கதவில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவார்கள். யாராவது விட்டுப்போயிருந்தால் 'எக்ஸ்'. அவள் குழந்தை அன்று பாட்டி வீட்டில். எக்ஸ் போட்டுவிட்டுப் போன நர்ஸம்மா சாயங்காலம் குளிர்பெட்டியோடு திரும்பி வந்தார். அப்போதும் இல்லை. மறுநாள் காலையும் வந்து, சொட்டு ஊற்றி, சுண்டு விரலில் மை வைத்து, எக்ஸைத் தன் கையால் அழித்துவிட்டுப் போனார்.

பாருங்களேன், "கடமையின் சிகரமே" என்று கத்தியதைவிட, அழிக்கப்பட்ட அந்த எக்ஸ் எவ்வளவு பேசுகிறது!

மூன்றாவது திருத்தத்தில் இரண்டு வேலை. ஒன்று, உண்மையா என்று பார்ப்பது. "நாட்டிலிருந்து போலியோவை விரட்டிய வீராங்கனை" என்று ஒரு வரி வைத்திருந்தாள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அது பல லட்சம் பேர் சேர்ந்து செய்த வேலை. முழுவதையும் ஒருவர் தலையில் வைத்தால் கேட்கிற அவருக்கே கூசும். அவர் பங்கு எங்கள் தெருக்கள். அதை அப்படியே சொன்னால் போதும்.

இரண்டாவது வேலை, இந்தப் புகழ் யாரையாவது குத்துகிறதா என்று பார்ப்பது. "பெற்ற பிள்ளைகளைக்கூட மறந்து எங்களைக் கவனித்தீர்கள்" என்று ஒரு வரி. அந்தப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்களே! "இனி உங்களைப் போல் ஒருவர் வரப் போவதில்லை" என்று மற்றொன்று. புதிதாக வந்த நர்ஸ் பெண் அதே மேடையில் இருப்பாள். இரண்டாவதும் பெண் குழந்தை என்று முகம் திருப்பிய ஒரு மாமியாரிடம் நர்ஸம்மா பேசி மனசை மாற்றியதும் உண்டு. அருமையான சம்பவம், முழு உண்மை. ஆனால் அந்த மாமியாரும் கூட்டத்தில் இருப்பாரே, மைக்கில் வாசிக்கலாமா? மூன்றையும் எடுத்தோம். கடைசிச் சம்பவத்தை அந்த மருமகளே நர்ஸம்மாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

நாலாவது திருத்தம் வாயால். அவள் உரக்கப் படிக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன். மூச்சு முட்டிய இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டினோம். "தாங்கள்" என்று வந்த இடமெல்லாம் செயற்கையாக ஒலித்தது. அவரை நேரில் "நீங்க" என்றுதானே கூப்பிடுகிறோம்? "நீங்கள்" என்று மாற்றினோம். படிக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்தோம். முதல் பிரதி ஏழு நிமிஷம், கடைசிப் பிரதி ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவு. அது இதுதான்:

"அன்புள்ள நர்ஸம்மா, 27 வருஷமாக எங்கள் குழந்தைகளின் முதல் ஊசி உங்கள் கையால். தழும்பு சீழ் கட்டியபோது பயந்தது நாங்கள், பயம் தெளிவித்தது நீங்கள். வீட்டுக் கதவில் போட்ட எக்ஸை அழிக்க, மூன்று தடவை படியேறி வந்தீர்கள். நீங்கள் வரும் தெருக்களில் ஒரு குழந்தையும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தீர்கள். நீங்கள் வீடு திரும்ப நேரமான மாலைகளில் அடுப்பு மூட்டிய உங்கள் கணவருக்கும், காத்திருந்த உங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. எங்கள் பிள்ளைகளின் இடது தோளைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைப்போம்."

அலங்காரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசி வரியில் கொஞ்சம் உணர்ச்சி இருக்கிறது. முன்னால் சொன்ன தழும்புக் கதை அதைத் தாங்குவதால்தான் அது நிற்கிறது. ஆதாரம் முன்னே, உருக்கம் பின்னே. மாற்றிப் போட்டால் மறுபடி கருணைக் கடல்தான்.

ஒரு சின்ன யோசனை. நாலு திருத்தத்தையும் ஒரே ராத்திரியில் செய்யாதீர்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு நாளாவது தாளை மடித்து வையுங்கள். எழுதின சூட்டில் எல்லா வரியும் அழகாகத்தான் தெரியும். சில பேரைப் பற்றி எத்தனை பேரிடம் கேட்டாலும் இரண்டு சம்பவம்தான் கிடைக்கும். அப்போது இரண்டை மட்டும் எழுதி நிறுத்துங்கள். மீதி இடத்தை "யே!" போட்டு நிரப்பவேண்டாம். சட்டத்துக்குள் வெள்ளையாக இடம் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.