அடுத்தவர் ஐசி எண்ணில் முதல் சோதனை

ஒரு அகப்பக்கம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நாளில் அதை நடத்துபவர்கள் வழக்கமாகச் சோதிப்பது, சரியான ஆள் சரியான விவரத்தைத் தந்தால் வேலை செய்கிறதா என்பதைத்தான். தவறான ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 2024 ஜனவரி 2இல் நம் அரசாங்கம் தொடங்கிய பாடு தரவுத்தளம் இதற்குச் சான்று. திறந்த கையோடு, வேறொருவரின் அடையாள அட்டை எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்தே பதிவு செய்ய முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் பகிரங்கமாக எச்சரித்தார். கடவுச்சொல்லை மாற்றுவதிலும் ஓட்டை இருப்பதை வெளியாட்கள் சுட்டிக்காட்டினார்கள். அதன் பிறகே அது அடைக்கப்பட்டது. முகத்தையும் அட்டையையும் ஒப்பிடும் அடுத்த கட்டத்தைத் தாண்டினால்தானே விவரம் தெரியும், இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். விவரம் கசியாவிட்டாலும், என் எண்ணில் இன்னொருவர் முந்திக்கொண்டால் வாசலில் நிற்பது நான்தான்.

நம் ஐசி எண் ரகசியமே அல்ல. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்கிற்கு 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 1962 ஆகஸ்ட் 14இல் பிறந்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எண் 620814-08 என்று தொடங்கும். மிச்சம் நான்கு இலக்கம், அதிலும் கடைசி இரட்டைப்படை என்பதால் 5,000 வாய்ப்புகள்தான். கணினி நிரலுக்கு அது சில நிமிட வேலை. ஆகவே திறப்பு நாளில் இரண்டு கைப்பேசியில் இரண்டு கணக்கு தொடங்குங்கள். முதல் கணக்கில் நுழைந்துகொண்டு, முகவரிப் பட்டையில் `id=1042` போன்ற எண் தெரிந்தால் அதை இரண்டாம் கணக்கின் எண்ணாக மாற்றிப் பாருங்கள். அந்த விவரம் திறந்தால் தளத்தை அப்போதே மூடிவிடுவது நல்லது. முதல் கணக்கிற்கு வந்த கடவுச்சொல் மாற்றும் இணைப்பைக் கொண்டு இரண்டாம் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். தவறான ஐசி எண்ணை இருபது முறை தொடர்ந்து இடுங்கள். இருபத்தொன்றாவது முறையும் தளம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், அந்த 5,000 வாய்ப்பையும் அது வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும்.

ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ கோயிலோ நடத்தும் சின்னத் தளத்தை யார் சீண்டப் போகிறார்கள் என்பது அடுத்த வாதம். சீண்டுபவர்கள் தளம் பெரிதா சிறிதா என்று பார்த்து வருவதில்லை. `https` சான்றிதழ் வழங்கப்படும்போதே தளத்தின் பெயர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவேட்டைக் கண்காணிக்கும் நிரல்கள், நீங்கள் யாருக்கும் சொல்லும் முன்பே வந்து, கவனக்குறைவாக விட்டுவைத்த கோப்புகளைத் தேடும். அவை தேடுவதை நாமே தேடிப் பார்க்கலாம்:

```
curl -i https://example.my/.git/config
curl -i https://example.my/.env
```

`404` அல்லது `403` வந்தால் நிம்மதி. `200` வந்தால் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும். எந்த முகவரி கேட்டாலும் முகப்பையே காட்டும் தளங்களும் உண்டு, அவை பயப்படத் தேவையில்லாதவை. ஆனால் `.env` கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் தெரிந்தால், கோப்பை அகற்றுவது போதாது, கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். அதற்குள் அதை யாராவது எடுத்துப் போயிருக்கலாம்.

இதையெல்லாம் சோதனைத் தளத்திலேயே முடித்துவிட்டோம் என்பார்கள். சோதனைத் தளத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெயர்தான் தட்டப்படும். நம்மவர் பெயரில் `a/l`, `a/p` என்ற சாய்கோடு இருப்பது பல படிவங்களுக்குப் பிடிப்பதில்லை. சில மறுக்கும், சில வாங்கிக்கொண்டு, சாய்கோட்டை விழுங்கி, ஐசியில் உள்ள பெயரோடு பொருந்தாத ஒன்றைச் சேமிக்கும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் பதிவு வெற்றி என்று திரை சொல்லிவிடும். அதனால் சாய்கோடுள்ள ஒரு பெயரோடும், வீட்டு எண் இல்லாத ஒரு தோட்ட முகவரியோடும் பதிந்து, சேமித்த விவரத்தைத் திறந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உறுதிசெய்யும் மின்னஞ்சலும் அப்படித்தான்: சோதனைத் தளத்திலிருந்து வந்துவிடும், உண்மைத் தளத்தின் புதிய முகவரியிலிருந்து குப்பைப் பெட்டிக்குப் போய்விடும்.

இத்தனையையும் திறப்பு விழா மேடையில் பிரமுகர் பொத்தானை அழுத்திய பிறகு செய்ய முடியாது. ஆகவே சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விழா சனிக்கிழமை என்றால், தளத்தைச் செவ்வாய்க்கிழமையே சத்தமில்லாமல் திறந்துவிடுங்கள். திருத்துவதற்கு நாலு நாளாவது மிஞ்சும்.