எண்ணுக்கு அஞ்சுகிறோம், சொல்லைத் தவறவிடுகிறோம்

உணவு ஒவ்வாமை உள்ள குழந்தையின் வீட்டில், கடைக்குச் செல்பவர் ஒருவராகவும் லேபிளைப் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவராகவும் இருப்பது இயல்பு. பொட்டலத்தின் மேலுள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே நம் நாட்டின் விதி; தமிழ் கட்டாயமில்லை. எழுத்தும் மிகப் பொடியானது. ஆகவே, தாத்தா கடையில் நின்று லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதும், வீட்டிலுள்ள மகளோ மருமகளோ அதைப் படித்துவிட்டு வாங்கலாமா, கூடாதா என்று சொல்வதும் பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கம் நல்லது. ஆனால் அந்தப் படத்தைப் படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

லேபிள் படத்தோடு எங்களிடம் வருபவர்கள் முதலில் விரல் வைத்துக் காட்டுவது எண்களைத்தான். "இந்த 627 என்ன? 631 ஆபத்தானதா?" என்று கேட்கிறார்கள். அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. எண்களைக் குறித்துக் கைப்பேசியில் சுற்றிவரும் எச்சரிக்கைச் செய்திகள் அந்த அச்சத்தை இன்னும் வளர்க்கின்றன. ஆனால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உடனடித் தீங்கு பெரும்பாலும் எண்ணிலிருந்து வருவதில்லை. நமக்கு நன்கு பழகிய, பழகியதாலேயே கண் தாண்டிச் செல்லும் ஒரு சொல்லிலிருந்து வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பால் ஒவ்வாமை உள்ள நான்கு வயதுக் குழந்தைக்காக, மசாலா சேர்த்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றின் லேபிள் படமாக வருகிறது என்று கொள்வோம். பட்டியலில் முதலில் உருளைக்கிழங்கு, அடுத்து சமையல் எண்ணெய், பிறகு மசாலாக் கலவை. மசாலாக் கலவைக்குப் பின் ஓர் அடைப்புக்குறி திறக்கிறது. அதற்குள் சர்க்கரை, உப்பு, வெங்காயத் தூள், மில்க் சாலிட்ஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், மிளகாய்த் தூள், இறுதியில் 330, 551, 627, 631 ஆகிய எண்கள்.

இப்படத்தைப் பார்ப்பவரின் கண் நேராக இறுதியிலுள்ள எண்களுக்குச் செல்கிறது. 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமானதும் இதுவே. 551 சிலிக்கான் டை ஆக்சைடு. தூள் கட்டிபடாமல் இருக்கச் சேர்ப்பது. 627, 631 இரண்டும் சுவையைக் கூட்டுபவை. மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரளவில் அச்சுறுத்தினாலும், மாவுச்சத்தை உடைத்துப் பெறும் பொருள்தான். இவற்றுள் எதிலும் பால் புரதம் இல்லை. அக்குழந்தைக்கு ஆகாத ஒரே பொருள் மில்க் சாலிட்ஸ், அதாவது நீர் நீக்கிய பாலின் திடப்பகுதி. வறுவலில் பால் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே, எண்களை விசாரித்து முடித்த திருப்தியில் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இதைத் தவிர்க்க, கண் முதலில் செல்ல வேண்டிய இடம் வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, ஒவ்வாமை தரும் எட்டு வகைப் பொருள்கள் உணவில் இருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரியில் அவற்றைத் தனியே அறிவிக்க வேண்டும். கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு இனம், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் ஆகியவையே அந்த எட்டு. இவ்வரி பெரும்பாலும் மூலப்பொருள் பட்டியலை ஒட்டியே இருக்கும். மேற்சொன்ன வறுவலில் இந்த வரியை முதலில் தேடியிருந்தால் பால் என்னும் சொல் உடனே கிடைத்திருக்கும்.

அடுத்து 'மே கன்டெய்ன்' என்று தொடங்கும் வரி. அதே ஆலையில் வேறு பொருள்களும் தயாராவதால் சிறிதளவு கலந்திருக்கக்கூடும் என்பது அதன் பொருள். அந்தச் சிறிதளவும் உங்கள் குழந்தைக்கு ஆகாதா என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். அவ்வரி இல்லாத பொட்டலத்தில் கலப்பே இராது என்று எண்ணிவிடவும் கூடாது.

மூன்றாவதாகத்தான் பட்டியல். அதை முதற்சொல்லிலிருந்து, அடைப்புக்குறிக்குள் உள்ளதையும் விடாமல் படிக்க வேண்டும். பால் என்பது வே, கேசின், சோடியம் கேசினேட், பட்டர், நெய், கோவா என்று பல பெயர்களில் வரும். காபியில் கலக்க விற்கும் 'பால் அல்லாத' தூள்களிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு. அது பாலின் புரதமே. மாறாக, கோகோ பட்டர் என்பது கோகோ விதையின் கொழுப்பு. அதற்கும் பாலுக்கும் தொடர்பில்லை. பொட்டலத்தின் முகப்பிலுள்ள பச்சைப் புள்ளியையும் இங்கே தவறாகக் கொள்ளக்கூடாது. அது சைவம் என்பதன் அடையாளம். பாலும் நெய்யும் அதில் அடங்கும்.

கோதுமை ஆகாதவர்கள் பெருங்காயத்தின் லேபிளையும் படிக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவையோ அரிசி மாவையோ சேர்ப்பது வழக்கம். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகையை யாரும் மாவுப் பண்டமாக நினைப்பதில்லை என்பதால் இதைச் சொல்கிறோம்.

எண்களை இறுதியில் படித்தால் போதும் என்பதற்கு, அவற்றைப் படிக்கவே வேண்டாம் என்று பொருளில்லை. இரண்டை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறோம். 322 என்பது லெசித்தின். அது பெரும்பாலும் சோயாவிலிருந்தும், சில வேளை முட்டையிலிருந்தும் கிடைப்பது. 220 முதல் 228 வரை உள்ளவை சல்ஃபைட் வகை; ஆஸ்துமா உள்ளோரில் சிலருக்கு இவை மூச்சிறைப்பைத் தூண்டும். உலர்ந்த பழங்களிலும், சில பிஸ்கட்டுகளிலும், புட்டியில் அடைத்த பழச்சாறுகளிலும் இவற்றைக் காணலாம். வேறோர் எண் புரியவில்லையெனில், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வருகையில் எங்களிடம் கேளுங்கள். புரியாத எண் உள்ள ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே போனால், ஏற்கெனவே பல உணவுகளை இழந்த குழந்தையின் தட்டில் மிஞ்சுவது மிகக் குறைவு.

இத்தனைக்கும் அடிப்படை, படம் படிக்கும்படி இருப்பது. பளபளக்கும் தாளில் வெளிச்சம் பட்டு ஒரு வரி வெளுத்துப்போகும். பொட்டலத்தின் மடிப்புக்குள் இறுதி வரி மறைந்துவிடும். புட்டியின் வளைவில் ஓரச் சொற்கள் தேய்ந்து தெரியும். மங்கலான படத்தில் 322ஐ 332 என்று படித்தால், சோயாவாக இருக்கக்கூடிய ஒன்று பொட்டாசியம் சிட்ரேட் ஆகிவிடும். 220ஐ 270 என்று படித்தால், சல்ஃபைட் லாக்டிக் அமிலமாகிவிடும். ஆகவே, தாளை விரல்களால் நீவித் தட்டையாக்கி, சற்றே சாய்த்து, வெளிச்சம் எதிரொளிக்காத கோணத்தில் எடுங்கள். புட்டியைத் திருப்பித் திருப்பி மூன்று படங்கள் எடுங்கள். ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் வரட்டும். 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற தலைப்பிலிருந்து ஒவ்வாமை அறிவிப்பு வரை முழுவதும் தெரிய வேண்டும். செய்திச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கக்கூடும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே சேரும்.

சென்ற மாதம் எடுத்த படத்தைக் கொண்டு இன்று வாங்காதீர்கள். உற்பத்தியாளர் சேர்மானத்தை முன்னறிவிப்பின்றி மாற்றலாம். ஒரே பெயரில் வரும் சிறிய பொட்டலமும் பெரிய பொட்டலமும் வெவ்வேறு ஆலைகளில் தயாராகலாம். கையில் உள்ள பொட்டலத்தின் லேபிளே செல்லும்.

படத்தைப் படிப்பவர் மூன்று விடைகளுள் ஒன்றை மட்டும் சொல்லும்படி வீட்டில் பழக்கிக்கொள்ளுங்கள்: வாங்கலாம், வேண்டாம், வேறு படம் அனுப்புங்கள். "பரவாயில்லை, இருக்காது என்று நினைக்கிறேன்" என்னும் நான்காவது விடைக்கு இடம் தர வேண்டாம். இரண்டாம் படமும் தெளிவில்லையெனில் விடை 'வேண்டாம்' என்பதுதான்.

எவ்வளவு நன்றாக எடுத்த படமும் சொல்லாதவை சில உண்டு. எள்ளும் கடுகும் நம் நாட்டின் எட்டு வகைப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 2023ஆம் ஆண்டு முதல் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்து அறிவிக்கச் செய்திருக்கிறது. இங்கோ, மசாலாப் பொருள்கள் என்னும் பொதுச்சொல்லுக்குள் அவை அடங்கிவிடக்கூடும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் 'கன்டெய்ன்ஸ்' வரியில் எள் இல்லை என்பதைக் கொண்டு முடிவெடுக்கக்கூடாது. அச்சொல் தெளிவில்லாத மசாலாப் பண்டத்தைத் தவிர்ப்பதே நலம். மேலும், மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பொட்டலத்தின் மேல் மூலப்பொருள் பட்டியல் அச்சிடத் தேவையில்லை. அவற்றை அடைத்து வரும் பெரிய உறையில் இருந்தால் போதும். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிறு பொட்டலங்களுள் பட்டியல் இல்லாததைக் கண்டால், கடைக்காரரிடம் அந்த உறையைக் கேளுங்கள். அது கிடைக்காவிடில், எடுப்பதற்குப் படமே இல்லை. ஆகவே வாங்குவதற்கும் இல்லை. பேக்கரியில் எடைபோட்டுத் தரும் உதிரிப் பண்டங்களுக்கும் இதே முடிவுதான்.

இவ்வளவு கவனத்தையும் மீறி ஏதேனும் உண்டபின் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் தோன்றினால் லேபிளைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். மருத்துவர் தந்திருக்கும் அவசர மருந்தை அவர் சொன்னபடி அளித்து, 108ஐ அழையுங்கள். பொட்டலத்தை எறிந்துவிடாமல் உடன் கொண்டுவாருங்கள். எது காரணம் என்று கண்டறிய அது எங்களுக்கு உதவும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் குழந்தைக்கு ஆகாத பொருள் லேபிளில் எந்தெந்தப் பெயர்களில் வரும் என்பதை, ஆங்கிலத்தில் அச்சிடும் வடிவத்திலேயே ஒரு சிறு அட்டையில் எங்கள் உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குச் செல்பவர் சட்டைப்பையில் ஒன்றும், படத்தைப் படிப்பவர் கையில் ஒன்றுமாக இரண்டு அட்டைகள் இருக்கட்டும். ஆங்கிலம் அறியாதவரும் அட்டையிலுள்ள எழுத்து வடிவைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேட வேண்டிய சொற்கள் பத்துக்குள் அடங்கிவிடும். எண்களின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அது எளிது, பயனும் அதிகம்.