எண்பது விழுக்காடு: யாருடைய உறுதி?

முகமறி மென்பொருள் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை காட்டினால் அதைப் பொருத்தமாகக் கொள்வதாகத் தில்லிக் காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டப் பதிலில் கூறியது. அதற்குக் குறைந்தவை பொய்ப்பொருத்தமாகக் கருதப்பட்டு, கூடுதல் சான்று தேடப்படும்.

ஐயத்துக்குரியதை மனிதரின் ஆய்வுக்கு விடுவது நல்ல நெறியே. ஆனால் இங்கு 79 ஐயமாகவும் 81 உறுதியாகவும் ஆகிவிடுகிறது. அந்த எண் இரு படங்களின் நெருக்கத்தை மட்டுமே அளக்கிறது. இருவரும் ஒருவரே என்பதற்கான வாய்ப்பை அன்று.

கடம்பூர்ப் போராட்டப் படமொன்றை ஒரு லட்சம் முகங்களோடு ஒப்பிடுவதாகக் கொள்வோம். ஆயிரம் அந்நியரில் ஒருவர் வரம்பைத் தாண்டினாலே நூறு அப்பாவிகள் 'பொருத்தம்' ஆவர். அத்தொகுப்பில் இருப்போர் முன்பு கைதானோர், தண்டிக்கப்பட்டோர். சிறைகளில் பட்டியல் சாதியினர் தம் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதி என்பதால், அந்தப் பிழையும் நம் தெருக்களிலேயே மிகுதியாக விழும்.

ஆகவே நீதிமன்றத்தில் நாம் கேட்க வேண்டியவை: மதிப்பெண் எவ்வளவு? வரம்பை எச்சோதனையின் அடிப்படையில் வகுத்தனர்? தொகுப்பில் எத்தனை முகங்கள்? சரிபார்த்த அலுவலர், மதிப்பெண்ணை அறியாமல் படங்களைப் பார்த்தாரா? அறிந்தபின் பார்த்திருந்தால், அது ஆய்வன்று, ஒப்புதல் முத்திரை.